அட்வான்ஸ் வந்தால் வருமானம் ஆகிவிடுமா? ஒரு ஷெட் வேலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஏப்ரல் மாதம் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் ஆபீஸுக்கு ஒரு காண்ட்ராக்டர் பாஸ்புக்கோடு வந்தார். கடலூர் சிப்காட்டில் ஒரு ஷெட் கட்டும் வேலை பிடித்திருந்தார். ஜனவரியில் 24 லட்சம் அட்வான்ஸ். "சார், இந்த வருஷம் 24 லட்சம் வருமானம்னு போட்டுடுங்க" என்றார். செலவு 18 லட்சம் என்று பில் கட்டையும் நீட்டினார். அவர் கணக்குப்படி லாபம் 6 லட்சம். நாங்கள் போட்ட கணக்கில் அது 3 லட்சம்தான். எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், வேலை எந்த வகை என்று பாருங்கள்

முதுநகர் பக்கம் ஒருவர் ஒரே அச்சில் வார்த்து ஃபைபர் படகு விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் வாங்கினாலும், படகு வாங்குபவர் கைக்குப் போகிற வரை அது வருமானம் இல்லை. ஆர்டர் ரத்தானால் அதே படகை வேறு ஒருவருக்கு விற்கலாம், அட்வான்ஸைத் திருப்பியும் தரலாம். படகை ஒப்படைக்கும் நாளில் மொத்த விலையும் வருமானம். இதில் குழப்பமே இல்லை.

ஷெட் அப்படி இல்லை. அது கஸ்டமரின் மனையில் எழும்புகிறது. இன்று நட்ட தூண் இன்றே அவருடையது. பாதியில் வேலை நின்றாலும் அதைக் கழற்றி வேறு ஆளுக்கு விற்க முடியாது. அதனால் வேலை முடிய முடிய வருமானமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். சிறு நிறுவனங்களுக்கு இதைச் சொல்வது கணக்கியல் தரநிலை 7 (ஏ.எஸ். 7).

அட்வான்ஸைக் கடன் பக்கம் வையுங்கள்

பணம் வந்த அன்று டேலியில் அதை `Current Liabilities` கீழே போட வேண்டும். நாம் செய்து கொடுக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி, அதனால் இது நமக்குக் கடன். (ஜி.எஸ்.டி. மட்டும் வேறு வழியில் போகும். கட்டுமான ஒப்பந்தம் சேவையில் சேரும் என்பதால், அட்வான்ஸ் வாங்கியதுமே வரி கட்ட வேண்டும். வரி கட்டிவிட்டதால் அது வருமானமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.)

மார்ச் 31 அன்று எத்தனை சதவீதம் முடிந்தது?

நம்மவரின் ஒப்பந்த விலை, வரி நீங்கலாக, 60 லட்சம். மொத்தச் செலவு 50 லட்சம் ஆகும் என்பது மதிப்பீடு. பில் கட்டில் இருந்தது 18 லட்சம். அதை அப்படியே 50 லட்சத்தால் வகுத்தால் 36% வரும்.

அது தப்பு. சைட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்க்கு அடியில் 3 லட்சம் ரூபாய்க் கம்பி கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தது. இந்த ஷெட்டுக்கென்று தனியாகச் செய்ததல்ல, எந்தச் சைட்டுக்கும் போகக்கூடிய சாதாரணக் கம்பி. அது வேலை ஆகவில்லை, சரக்குதான். ஆகவே செலவு 15 லட்சம்.

```
முடிந்த வேலை = 15 / 50 = 30%
வருமானம்     = 60 x 30% = 18 லட்சம்
லாபம்        = 18 - 15 = 3 லட்சம்
```

அட்வான்ஸ் கணக்கிலிருந்து 18 லட்சத்தை வருமானத்துக்கு மாற்றுகிறோம். மீதி 6 லட்சம் கடனாகவே நிற்கும். 3 லட்சம் கம்பி சரக்கில் போகும். மார்ச் 30 அன்று லாரி லாரியாகக் கம்பி இறக்கி லாபத்தைக் கூட்டுவதையும் இந்தப் படிதான் பிடிக்கும். பில்லை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுபவருக்கு அது தெரியவே தெரியாது.

மதிப்பீட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். அடுத்த ஐப்பசி மழையில் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நின்று, இறைப்பதற்கே தனிச் செலவு ஆனது. மொத்தச் செலவு 54 லட்சத்துக்கு ஏறியது. டிசம்பர் கடைசி வரை ஆன செலவு 40.5 லட்சம், அதற்குள் அந்தக் கம்பியும் வேலையில் சேர்ந்துவிட்டது.

இப்போது 40.5-ஐப் பழைய 50-ஆல் வகுத்தால் 81% வரும், லாபம் வீங்கிவிடும். 54-ஆல்தான் வகுக்க வேண்டும். 75%. ஆரம்பத்திலிருந்து இதுவரை வருமானம் 45 லட்சம். போன வருஷம் காட்டிய 18-ஐக் கழித்தால் இந்த ஒன்பது மாதத்துக்கு 27 லட்சம். செலவு 25.5 லட்சம், லாபம் ஒன்றரை லட்சம். முதல் மூன்று மாதத்தில் 3 லட்சம், அடுத்த ஒன்பது மாதத்தில் ஒன்றரையா என்று காண்ட்ராக்டருக்கு ஒரே வருத்தம். போன வருஷக் கணக்கைத் திருத்துவதில்லை. செலவு ஏறியதன் பாரம் முழுவதும் இந்த வருஷத்தில்தான் விழும்.

சரி, மதிப்பீடு 64 லட்சத்துக்குப் போயிருந்தால்? 60 லட்சம் ஒப்பந்தத்தில் 4 லட்சம் நஷ்டம் உறுதி. அப்போது சதவீதம் பார்க்கவே கூடாது. 4 லட்சத்தையும் உடனே எழுத வேண்டும். முன்பு காட்டிய 3 லட்சம் லாபமும் போய்விடும் என்பதால், அந்த வருஷத்தில் 7 லட்சம் அடி. நம்மவருக்கு அந்த நிலை வரவில்லை. மாசியில் கூரைத் தகடு ஏறி வேலை முடிந்தது, கடைசிச் செலவும் 54 லட்சத்திலேயே நின்றது.