டப்பாவில் இருக்கும் அந்த 3 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

கேம் டிஸ்க் விற்கும் ஒரு கடையில் எனக்கு முன்னால் நின்றவர், 16 என்று வயது முத்திரை போட்ட டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, "பையனுக்குப் பத்து வயசுதான், ஆனா சூப்பரா விளையாடுவான்" என்றார். கடைக்காரரும் தலையாட்டிவிட்டு பில் போட்டார். அடிக்கடி நடக்கிற முதல் தவறு இதுதான். அந்த எண்ணுக்கும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. சதுரங்கத்தை கேமாக வெளியிட்டால் அதற்கு 3 கிடைக்கும். மூன்று வயதுக் குழந்தைக்குக் குதிரையை நகர்த்தத் தெரியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. திரையில் அந்த வயதுக்கு ஆகாதது ஏதாவது வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள்.

இங்கே விற்கும் பிளேஸ்டேஷன் டிஸ்க்குகளில் பெரும்பாலும் இருப்பது பெகி முத்திரை. 2003-இல் ஐரோப்பாவில் தொடங்கிய வயது மதிப்பீட்டு முறை இது. 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள். கேம் வெளிவரும் முன்பே தயாரிப்பு நிறுவனம் ஒரு நீண்ட கேள்வித்தாளை நிரப்புகிறது: ரத்தம் வருகிறதா, அடிபடுவது மனிதனா கற்பனை உருவமா, கெட்ட வார்த்தை உண்டா என்று போகும். பிறகு நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் உள்ள இரு அமைப்புகள் அந்தப் பதில்களைச் சரிபார்க்கின்றன. இதில் சராசரி எடுக்கும் பழக்கம் கிடையாது. நாற்பது மணி நேரக் கதையில் ஒரே ஒரு காட்சி கொடூரமாக இருந்தாலும், எண்ணை முடிவு செய்வது அந்தக் காட்சிதான்.

டப்பாவின் பின்பக்கம் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். முஷ்டி என்றால் வன்முறை, சிலந்தி என்றால் பயம். இவற்றைத் தனியாகப் படித்தால் ஏமாந்துபோவோம். 7-க்குப் பக்கத்தில் இருக்கும் முஷ்டி, கார்ட்டூன் உருவங்கள் ஒன்றையொன்று தட்டிவிடுவதாக இருக்கலாம். 16-க்குப் பக்கத்தில் அதே முஷ்டி வந்தால், நிஜத்தில் நடப்பது போலவே அடிதடி தெரியும் என்று அர்த்தம். படம் ஒன்றுதான், எண்ணோடு சேர்த்துப் படித்தால்தான் அளவு புரியும். கடையில் நின்றவர் இதைப் பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, 3 என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2023-இல் வந்த இ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 கால்பந்து கேமுக்கு பெகி 3 கொடுத்தது. அடிதடி இல்லை, ரத்தம் இல்லை, நியாயம்தான். ஆனால் அதே கேமில் நிஜப் பணம் கொடுத்து வீரர்கள் அடங்கிய பாக்கெட் வாங்கலாம். உள்ளே யார் இருப்பார் என்பது திறந்த பிறகுதான் தெரியும். நம் பெட்டிக்கடைகளில் சுரண்டிப் பரிசு பார்க்கும் அட்டை விற்பார்களே, ஏறக்குறைய அந்தச் சுகம். இதைச் சொல்லத்தான் கை ஒன்று கார்டைப் பிடித்திருக்கும் சின்னம் இருக்கிறது. கூடவே "Includes Random Items" என்ற வரியும் இருந்தால், என்ன கிடைக்கும் என்பது குலுக்கல்தான்.

இதற்கு நேர் எதிராக பலாட்ரோ என்ற சீட்டாட்ட கேமைப் பாருங்கள். 2024-இல் வந்தது. போக்கரில் வரும் சீட்டுச் சேர்க்கைகளை வைத்துப் புள்ளி சேர்க்க வேண்டும். ஒரு பைசா கூட பந்தயம் கிடையாது. ஆனாலும் சூதாட்டம் கற்றுக்கொடுப்பதாகக் கருதி 18 போட்டார்கள். மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025 பிப்ரவரியில் அது 12 ஆனது. நிஜப் பணம் போகிற கேமுக்கு 3, போகாத கேமுக்கு 18 என்று ஒரு வருடம் ஓடியிருக்கிறது. பெகி ஏமாற்றியது என்று சொல்லமாட்டேன். அது திரையில் காட்டப்படுவதை அளந்தது, பர்ஸை அளக்கவில்லை.

ஆகவே கைச்சின்னம் கண்ணில் பட்டால், டிஸ்க்கைப் போடுவதற்கு முன்பே பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி, மாதச் செலவு வரம்பைப் பூஜ்யமாக வையுங்கள். உங்கள் கார்டு ஏறியிருக்கும் கணக்கிலேயே அவன் விளையாடினால் எந்த முத்திரையும் காப்பாற்றாது.

ஆன்லைனில் யாரோ ஒருவர் மைக்கில் என்ன பேசுவார் என்பதையும் இந்த எண் அளப்பதில்லை. அமெரிக்காவில் கேம்களுக்கு வயது முத்திரை கொடுக்கும் இஎஸ்ஆர்பி இதை வெளிப்படையாகவே எழுதிவைக்கிறது: ஆன்லைன் உரையாடல் எங்கள் மதிப்பீட்டில் வராது என்று. குரல் அரட்டையை நாம்தான் அணைக்க வேண்டும்.

அப்புறம் போன். ப்ளே ஸ்டோரில் காணும் 3+, 12+ எல்லாம் கேமை உருவாக்கியவர் ஒரு கேள்விப் படிவத்தில் கொடுத்த பதில்களிலிருந்து தானாகக் கணக்கிடப்படுபவை. ஆப் ஸ்டோருக்கு ஆப்பிளின் சொந்தக் கணக்கு இருக்கிறது, படிகளும் வேறு. ஒரே கேமுக்கு இரண்டு போனில் இரண்டு எண் தெரிந்தால் குழம்ப வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அதே பெயரை pegi.info-விலும் esrb.org-இலும் தேடுங்கள். பின்னதில் பெரும்பாலான டிஸ்க் கேம்களுக்கு எந்தக் காட்சியில் என்ன வருகிறது என்று ஒரு பத்தி இருக்கும். வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம்.