"என்னம்மா, இப்படிப் பெருத்துவிட்டாய்?": சொந்தக்காரர்களிடம் பதில் சொல்லும்போது செய்யும் தவறுகள்

கல்யாணத்திலோ காதுகுத்திலோ ஓராண்டு கழித்துச் சந்திக்கும் பெரியம்மா முதலில் பார்ப்பது நம் உடம்பைத்தான். நம் வேலையும் சம்பளமும் மனக்கவலையும் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கன்னமும் இடுப்பும் தெரிகின்றன. அதனால் பேச்சும் அங்கேயே தொடங்குகிறது.

அவர் வளர்ந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற வாக்குறுதி அவ்வளவு எடுபட்டது, அரிசி கிடைக்காமல் மக்கள் தவித்ததால்தான். அந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்தவருக்கு இளைத்த உடம்பு என்றால் பட்டினி அல்லது காசநோய். கட்டிக்கொடுத்த பெண் பூசினாற்போல் திரும்பி வந்தால் புகுந்த வீட்டில் வயிறாரச் சாப்பாடு போடுகிறார்கள் என்று அர்த்தம். இப்போது அதே தலைமுறை சர்க்கரை நோயைப் பார்த்துப் பயந்துபோயிருக்கிறது. ஆகவே இளைத்தாலும் கேள்வி, பெருத்தாலும் கேள்வி. அக்கறையில் பிறந்த கேள்விதான் பெரும்பாலும். ஆனாலும் நாலு பேர் நடுவே கேட்டால் வலிக்கத்தான் செய்யும். அந்த வலியைப் பொய் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதல் தவறு, எல்லாருக்கும் ஒரே பதிலை வைத்திருப்பது. நம் உறவுமுறையில் அத்தை, மாமா, மதினி, கொழுந்தன் போன்றவர்களுக்குக் கேலி செய்யும் உரிமை பல குடும்பங்களில் உண்டு. "மாப்பிள்ளை, தொப்பை முன்னால் வருகிறது, நீ பின்னால் வருகிறாய்" என்று மாமா சொன்னால், "நீங்கள் ஊட்டி வளர்த்தது மாமா" என்று கேலியாகவே திருப்பிவிடலாம். அங்கே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால்தான் சண்டை வரும். பெரியம்மாவும் சித்தியும் அம்மா முறை. அவர்கள் கேட்பது விசாரிப்பு. அதற்குக் கேலியால் பதில் சொன்னால் மரியாதைக் குறைவாகப் போய்விடும்.

இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது: காரணம் சொல்லத் தொடங்குவது. குழந்தை பெற்று ஆறு மாதமான ஒரு பெண் காதுகுத்துக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பந்தியில் இலை போட்டு, கூட்டு வைத்து, சாம்பாருக்காகக் காத்திருக்கும் நேரம். எதிர் வரிசையிலிருந்து பெரியம்மா கேட்கிறார், "இன்னும் உடம்பு இறங்கவில்லையே?" அவள், "தைராய்டு இருக்கிறது பெரியம்மா, மாத்திரை சாப்பிடுகிறேன்" என்கிறாள். அவ்வளவுதான். பக்கத்து இலைக்காரர் கொள்ளு ரசம் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர் காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கச் சொல்கிறார். மூன்றாமவர், மாத்திரையை நிறுத்திவிட்டுத் தனக்குத் தெரிந்த வைத்தியரைப் பார்க்கச் சொல்கிறார். பாயசம் வருவதற்குள் அவள் உடல்நிலை பந்தி முழுக்கத் தெரிந்துவிடுகிறது. மாலைக்குள் மாமியார் வீட்டுக்கும் போய்விடும்.

அதே கேள்விக்கு அவள் இப்படிச் சொல்லலாம்: "நன்றாக இருக்கிறேன் பெரியம்மா. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படி ஏறமுடிகிறதா?" விசாரிப்புக்கு விசாரிப்பு. எடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, பொய்யும் இல்லை. எதிர்க்கேள்வி அவரைப் பற்றியதாகவும், பதில் சொல்ல நேரம் எடுப்பதாகவும் இருக்க வேண்டும். வெயிலைப் பற்றிக் கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மீண்டும் இடுப்புக்கே வந்துவிடுவார்.

"உங்கள் மகள் மட்டும் என்ன ஒல்லியா?" என்று திருப்பி அடிப்பது மூன்றாவது தவறு. அங்கே இல்லாத ஒருத்தியை இழுத்துவிட்டோம். இனிப் பேச்சு நம் வாயைப் பற்றியதாகிவிடும், அம்மாவும் தலைகுனிவாள். இதற்கு நேர்மாறாக, "ஆமாம், நான் பூசணிக்காய்தான்" என்று தன்னைத் தானே மட்டம் தட்டிச் சிரிப்பவர்களும் உண்டு. அந்தப் பெயரே அடுத்த விசேஷத்துக்கும் நிலைத்துவிடும்.

இரண்டு முறை பேச்சை மாற்றியும் விடாதவரிடம் தனியாகப் பேசத்தான் வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுத வேண்டாம். அது பந்தியைவிடப் பெரிய சபை. மறுநாள் தொலைபேசியில், "பெரியம்மா, அக்கறையில்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். எல்லார் முன்னாலும் கேட்டால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. என்னிடம் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்" என்றால் போதும். நாமே பேச முடியாத முறை என்றால் அம்மாவோ கணவரோ பேசட்டும். சொல்பவர், கேள்வி கேட்டவரின் பக்கத்து ஆளாக இருந்தால் கசப்பு குறையும்.

ஒரு இடத்தில் மட்டும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பேச்சு ஒரு குழந்தையைப் பற்றியதாக இருந்தால் பெற்றவர் அங்கேயே குறுக்கிட வேண்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் "இப்படித் தின்றால் யார் கட்டுவார்கள்?" என்று ஒருவர் கேட்டால், அவள் கையிலிருக்கும் லட்டை இலை ஓரத்தில் வைத்துவிடுவாள். "அவள் நன்றாகச் சாப்பிடட்டும் சித்தி, வளரும் வயது" என்று அம்மா அவள் காதில் விழும்படி சொல்ல வேண்டும், குரலை உயர்த்தாமல். சித்தி கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.