பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை: நாடா இல்லாமல், கால் தடுக்காமல், மூன்று தீபாவளிக்கு

தீபாவளி நெருங்கும்போது சுங்கை சிப்புட் பக்கம் தையல் மிஷின் வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான் கேட்கும்: "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாவே தைச்சிடுங்க." பட்டுத் துணி விற்கும் விலைக்கு அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் பெரிதாகத் தைத்த பாவாடை தரையில் புரளும். அது நழுவாமல் இருக்க இடுப்பில் நாடாவை இறுக்கிக் கட்டுவார்கள். வாசலில் அகல்விளக்கு வரிசையாக எரியும்போது, அந்தக் கரைதான் சுடரை உரசிக்கொண்டு போகும். பிள்ளையின் இன்றைய அளவுக்கே தைத்து, வரப்போகும் வளர்த்திக்கு வேண்டிய துணியை உள்ளே பிடித்து வைப்பதுதான் சரியான வழி. முதல்முறை தைப்பவர்களும் செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, நான்கு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். உயரம் 102 செ.மீ., இடுப்பு 52 செ.மீ., இடுப்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை 56 செ.மீ.

முதலில் துணியைப் பாருங்கள்

கடையில் "பட்டு" என்று கொடுப்பதெல்லாம் பட்டு இல்லை. ஓரத்திலிருந்து, ஜரிகை இல்லாத இடத்தில் நாலைந்து நூலை உருவி முறுக்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இல்லாத நேரத்தில், மணல் போட்ட தட்டின் மேல், இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். உண்மையான பட்டு மெதுவாகக் கருகும், தலைமுடி பொசுங்குகிற நாற்றம் வரும், தீயை எடுத்தால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும், சாம்பல் விரலில் நொறுங்கும். ரேயானும் பருத்தியும் காகிதம் மாதிரி குபுகுபுவென்று எரியும். பாலியெஸ்டர் சுருங்கி உருகும், ஆறியதும் கெட்டியான மணி போல ஆகிவிடும். உருகிய அந்தத் துளி தோலில் ஒட்டினால் புண் ஆழமாக இறங்கும்.

ரேயானாக இருந்தால் தைக்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்தத் துணி என்று தெரிந்தால்தான் அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை விளக்குக்கு எவ்வளவு கிட்டே போகலாம் என்று உங்களால் முடிவுசெய்ய முடியும். துணியைப் போலவே தையலின் வடிவமும் முக்கியம். உடம்பை விட்டு விலகித் தொங்கும் துணிக்கு இரண்டு பக்கமும் காற்று கிடைக்கும், தீ கீழிருந்து மேலே வேகமாக ஏறும். பாவாடையின் வடிவமே அதுதான்.

அளந்து வெட்டுவது

பாவாடை கணுக்கால் எலும்புக்கு 3 செ.மீ. மேலே நிற்கட்டும். அப்படியானால் தைத்து முடித்த நீளம் 53 செ.மீ. இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்குச் சுமார் 6 செ.மீ. வளர்வார்கள். அதில் இடுப்புக்குக் கீழே ஏறத்தாழ 4 செ.மீ. வரும். இரண்டு ஆண்டுக்கு 8 செ.மீ. சேருங்கள். மேலே தையலுக்கு 1.5 செ.மீ. ஆக, கரையின் ஓரத்திலிருந்து 62.5 செ.மீ. உயரம் வெட்ட வேண்டும். நெய்த கரையே கீழே வருவதால் அடிமடிப்பு தேவையில்லை. சுற்றளவுக்கு இடுப்பைப் போல மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 160 செ.மீ. போதும். அதற்கு மேல் கொசுவம் வைத்தால் எரியக்கூடிய துணிதான் கூடும்.

நாடாவுக்குப் பதில் பாடி

இடுப்பில் நாடா கோக்க வேண்டாம். மெல்லிய பருத்தியில், கை இல்லாத ஒரு பாடி தைத்து, பாவாடையைக் கொசுவி அதன் அடியில் இணைத்துவிடுங்கள். பாவாடையின் பாரம் தோளில் நிற்கும், இடுப்பை இறுக்கத் தேவையில்லை, தொங்கும் முனையும் இல்லை. பாடியின் பின்பக்கம் திறந்து, பட்டன் வைக்கலாம். பக்கத் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் வழக்கத்தைவிட 1 செ.மீ. கூடுதலாக விட்டால், நான்கு ஓரமும் சேர்த்துப் பின்னால் 4 செ.மீ. பிரித்துக்கொள்ளலாம்.

மேலே போடும் சட்டையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. இப்போது எல்லா மாதிரியிலும் முதுகில் கயிறு கட்டி, முனையில் குஞ்சம் தொங்கவிடுகிறார்கள். ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரத்தின்படி, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் இழுகயிறு இருக்கவே கூடாது. முதுகுப் பக்கம் கட்டும் கயிற்றையும் அது அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் 1996-இல் பிள்ளைகளின் மேலாடைக் கயிறுகளுக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்ததற்குக் காரணம், கழுத்துக் கயிறு விளையாட்டுத் திடல் சறுக்குமேடையின் இடுக்கில் மாட்டிப் பிள்ளைகள் இறந்ததும், இடுப்புக் கயிறு பேருந்துக் கதவில் சிக்கியதும்தான். நம் ஊரில் சறுக்குமேடையும் உண்டு, பள்ளி வேனும் உண்டு, அப்பாவின் மோட்டார் சைக்கிள் சங்கிலியும் உண்டு. குஞ்சம் இல்லாவிட்டால் அழகில் ஒன்றும் குறையாது. அந்த இடத்தில் மூன்று பட்டன் வையுங்கள்.

வளர்த்தியை உள்ளே பிடிப்பது

இங்கே பொறுமை வேண்டும். துணியின் உட்பக்கத்தில், கரை முடியும் இடத்திலிருந்து மேலே அளந்து 2, 6, 9, 13 செ.மீ. உயரங்களில் நான்கு கோடுகளைச் சாக்கால் போடுங்கள். 2-ஐயும் 6-ஐயும், துணியின் நல்ல பக்கம் உள்ளே மடிய, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தையுங்கள். உட்பக்கத்தில் 2 செ.மீ. அகலத்தில் ஒரு டக் கிடைக்கும், அது 4 செ.மீ. துணியை விழுங்கியிருக்கும். 9-ஐயும் 13-ஐயும் அப்படியே செய்யுங்கள். இரண்டு டக்கையும் கீழ்நோக்கித் தேய்த்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது, வெளியே இரண்டு மெல்லிய கோடு மட்டும் தெரியும்.

தையல் நீளத்தை 4 மி.மீ.க்கு மாற்றிக்கொள்ளுங்கள், முனையில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள், நூலை முடிந்தால் போதும். நெருக்கமாகத் தைத்தால் பிரிக்கும்போது பட்டு கிழியும். உள்துணி போட்டால் அதிலும் இதே டக், ஆனால் 2 செ.மீ. குட்டையாக. உள்துணியின் அடியைக் கையால் நீளநீளமாகத் தைக்க வேண்டாம், கால் விரல் மாட்டும். மிஷின் தையலே போடுங்கள்.

பட்டனும் மணியும்

ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் சிறு துண்டுத் துணி வைத்து, இரட்டை நூலில் நான்கு சுற்று தைத்து முடியுங்கள். பிறகு பட்டனுக்கு அடியில் கெட்டி நூலைச் சுற்றிக் கட்டி, மீன் எடைபோடும் கொக்கித் தராசை மாட்டி 9 கிலோ காட்டும் வரை இழுத்துப் பத்து விநாடி பிடியுங்கள். பொம்மைகளின் சிறு பாகங்களை ஐரோப்பாவில் ஏறத்தாழ இந்த விசையில்தான் இழுத்துப் பார்க்கிறார்கள். கழன்றால் திரும்பத் தையுங்கள்.

கண்ணாடி, கல், முத்து எல்லாம் பெரும்பாலும் பசையில் ஒட்டியிருக்கும், வியர்வையில் கழன்றுவிடும். 10 செ.மீ. சுற்றளவில் ஒரு காகிதக் குழாய் சுருட்டுங்கள், விட்டம் ஏறத்தாழ 32 மி.மீ. வரும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் தொண்டையை அடைக்கும் பொருளைச் சோதிக்கும் உருளையும் ஏறத்தாழ இந்த அகலம்தான். அந்தக் குழாய்க்குள் முழுதாகப் போகும் எதையும் ஒட்டாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு நான்கு வயது ஆகியிருந்தாலும், தரையில் விழுந்த முத்தை வாயில் போட வீட்டில் தம்பி தவழ்ந்துகொண்டிருப்பான்.

போட்ட பிறகு

பாவாடை சாமி கும்பிடவும் வீடு வீடாகப் போகவும்தான். மத்தாப்பு எடுப்பதற்கு முன் உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் மாற்றிவிடுங்கள். துணியில் தீ பிடித்தால் பிள்ளையை ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள். பட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள், ஒட்டிய துணியைப் பிய்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த தீபாவளிக்கு முன் பாவாடையைப் போட்டுப் பார்த்து, கணுக்காலுக்கு மேல் 7 செ.மீ. ஏறியிருந்தால் மேல் டக்கைப் பிரியுங்கள். ஊசித் தடம் தெரிந்தால் உட்பக்கம் மெல்லிய துணி வைத்து மிதமான சூட்டில் தேயுங்கள், தண்ணீர் தெளிக்க வேண்டாம், பட்டில் கறை விழும். தராசை அப்போதே எடுத்துப் பட்டன்களையும் மறுபடி இழுத்துப் பாருங்கள், ஓராண்டு துவைத்ததில் நூல் இற்றுப்போயிருக்கலாம்.