ரெக்ரூட்டரிடம் திறன் பற்றி மட்டும் கேட்க வேண்டுமா? ரிசூமை இணைக்காதீர்கள்

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பாயான் லெப்பாஸில் சிப் சோதனைப் பிரிவில் மூன்று வருடமாக டெக்னீஷியன். "அண்ணா, எந்தத் திறனுக்கு இப்போது கிராக்கி என்று சொன்னால் போதும், வேலை எதுவும் வேண்டாம்" என்று தொடங்கியிருந்தார். நான்கு பக்க ரிசூமையும் இணைத்திருந்தார். கடைசி வரி: "ஏதாவது வந்தால் என்னை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்."

நான் ரெக்ரூட்டர் ஆவதற்கு முன்னால் அதே பாயான் லெப்பாஸில் வேலை பார்த்தவன். அப்போது ஓர் ஏஜென்சிக்கு நான் எழுதியதும் ஏறக்குறைய இதே கடிதம்தான். அதில் எனக்கு ஒரு நல்ல வேலை போயிற்று. பெயரைத் தப்பாக எழுதுவது, ஒரே செய்தியை இருபது பேருக்கு அனுப்புவது போன்ற தவறுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆலோசனை கேட்கும் கடிதத்தில் ரிசூம்

ஏஜென்சி ரெக்ரூட்டருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் இந்தத் தவறு புரிந்துவிடும். வேலைக்கு ஆள் கொடுத்தால், அந்த ஆளின் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு பங்கை நிறுவனம் ஏஜென்சிக்குக் கட்டும். மாதம் 4,500 வெள்ளி சம்பளம், ஒப்பந்தத்தில் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 54,000, கட்டணம் 10,800 வெள்ளி.

ஆகவே உங்கள் ரிசூம் கைக்கு வந்ததும் அது ஆலோசனைக்கான பின்னணித் தகவலாக இருப்பதில்லை. ஏஜென்சியின் தரவுத்தளத்தில் ஏறுகிறது. உங்கள் கேள்வி கீழே போய்விடுகிறது. பொருத்தமான இடம் ஒன்று திறந்தால், உங்களிடம் கேட்காமலே அதை நிறுவனத்துக்கு அனுப்பிவிடுபவர்களும் உண்டு. "ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற வரியையே சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள்.

எனக்கு நடந்தது அதுதான். நான் கேட்டது ஒரே கேள்வி: தரவு ஆய்வு படிப்பதா, சோதனை நிரல் எழுதப் படிப்பதா? பதில் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு நண்பர் தன் மேலாளரிடம் என்னைச் சிபாரிசு செய்தார். மேலாளர் என்னிடம் பேசினார், பிடித்திருந்தது. அப்புறம் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு: "உங்கள் பெயர் ஏற்கெனவே ஓர் ஏஜென்சி வழியாக எங்களிடம் வந்திருக்கிறது." எனக்குத் தெரியவே தெரியாது.

இதில் சிக்கல் என்னவென்றால், ஒருவருடைய ரிசூமை எந்த ஏஜென்சி முதலில் அனுப்பியதோ, அந்த ஆள் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த ஏஜென்சியின் கணக்கில் இருப்பார். ஒப்பந்தத்தைப் பொறுத்து அது பெரும்பாலும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். அதற்குள் அவர் நண்பர் மூலம் வந்தாலும், நேரே விண்ணப்பித்தாலும் ஏஜென்சி கட்டணம் கேட்கலாம். ஊழியரின் சிபாரிசில் வந்தவருக்கு ஒரு சின்ன ஊக்கத்தொகையோடு முடிய வேண்டியது, இப்போது பத்தாயிரம் வெள்ளித் தகராறாகிவிடுகிறது. அதே தகுதியில் இன்னொருவர் இருந்தால் நிறுவனம் அவரைத்தான் எடுக்கும். எடுத்தது. மேலாளர் மிகவும் வருத்தப்பட்டார், ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அனுப்பியவர் ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

ஆகவே ரிசூம் வேண்டாம். உங்கள் பின்னணியை இரண்டு வரியில் எழுதுங்கள். "ரிசூமை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று அவர் கேட்டால், "இப்போது வேலை தேடவில்லை, தேடும்போது நானே அனுப்புகிறேன்" என்று எழுதுங்கள். நல்ல ரெக்ரூட்டர் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள்: எந்த நிறுவனத்துக்காவது அனுப்பினீர்களா, எப்போது? இனி என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. தேதியோடு அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் ஒரு நண்பர் சிபாரிசு செய்ய முன்வரும்போது அது உதவும்.

"எந்தத் துறைக்கு எதிர்காலம்?"

இதற்கு ரெக்ரூட்டரிடம் பதில் இல்லை. பொதுவான பட்டியல் வேண்டுமென்றால் அரசு நிறுவனமான டேலன்ட்கார்ப் வெளியிடும் முக்கியத் தொழில்களின் பட்டியலைப் படியுங்கள், இலவசம்தான். ரெக்ரூட்டருக்கு மட்டும் தெரிந்த விஷயம் வேறு: விளம்பரத்தில் பத்துத் திறன் போட்டிருந்தாலும் நேர்காணலில் ஆட்கள் எதில் விழுகிறார்கள் என்பது. மேலாளர் "இவர் வேண்டாம்" என்று சொல்லும்போது காரணத்தைக் கேட்பவர் அவர்தான். அதைக் கேளுங்கள்.

அந்தத் தம்பியிடம் கடிதத்தை இப்படி மாற்றச் சொன்னேன். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதினாலும் அமைப்பு இதுதான்:

"வணக்கம். பாயான் லெப்பாஸில் மூன்று வருடமாகச் சோதனை டெக்னீஷியன். அடுத்த வருடத்துக்குள் சோதனைப் பொறியாளர் வேலைக்குத் தகுதி பெற நினைக்கிறேன். நான் இப்போது வேலை தேடவில்லை. ஒரே கேள்வி: டெக்னீஷியனாக இருந்து இந்த வேலைக்கு வருபவர்கள் நேர்காணலில் பெரும்பாலும் எந்தத் திறனில் தேறாமல் போகிறார்கள்? இரண்டு வரி போதும்."

"போனில் பேசலாமா?"

முதல் முறையே வேண்டாம்.

சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு கேட்பது

போனஸ் வாங்கியவர்கள் வேலை மாறும் நேரம், ரெக்ரூட்டருக்குப் பதில் எழுத நேரமிருக்காது. இரண்டு மாதம் தள்ளிக் கேளுங்கள்.

ஒருவர் சொன்னதை நம்பிப் படிப்புக்குப் பணம் கட்டுவது

நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் ரெக்ரூட்டருக்குத் தன் நிறுவனத்தின் தேவை ஆழமாகத் தெரியும், வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஏஜென்சிக்காரருக்குப் பல நிறுவனங்கள் தெரியும், ஆனால் இந்த மாதம் அவர் கையில் இருக்கும் இடங்கள்தான் கண் முன்னால் நிற்கும். நீங்கள் படித்து முடிக்க ஒரு வருடம் ஆகும். அதற்குள் அந்த இடங்கள் நிரம்பியிருக்கும். இரு தரப்பிலும் ஒவ்வொருவரையாவது கேளுங்கள். "போன வருடமும் இதையே கேட்டார்களா?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால், நிற்கும் தேவை எது, வந்துபோகும் தேவை எது என்று பிரிந்துவிடும்.

பதில் வந்ததும் அமைதியாகிவிடுவது

அந்தத் தம்பிக்கு நான் எழுதிய பதில் இது: "சோதனை நிரலைத் திறந்து படிக்கத் தெரியாமல்தான் பலர் விழுகிறார்கள். எல்லோரும் சொல்லும் பைத்தானுக்கு முன்னால், உங்கள் தளத்தில் நிற்கும் இயந்திரத்தின் மொழியைப் பிடியுங்கள். டெராடைன் என்றால் பெரும்பாலும் விஷுவல் பேசிக். அட்வான்டெஸ்டின் 93000 என்றால் மென்பொருளின் பதிப்பைப் பொறுத்து சி பிளஸ் பிளஸ் அல்லது ஜாவா."

மறுநாளே எழுதினார்: "எங்கள் தளத்தில் டெராடைன்தான், அண்ணா. இரவு ஷிப்டில் பொறியாளர் ஒருவர் நிரலைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் மாட்டுகிறேன் என்று மூன்று மாதத்தில் சொல்கிறேன்." இப்படி எழுதுபவருக்கு அடுத்த கேள்விக்கும் உடனே பதில் போடத் தோன்றும்.

அவர் முதலில் அனுப்பிய ரிசூமை அழித்துவிட்டேன். அழித்ததை அவருக்கு எழுத்திலும் தெரிவித்துவிட்டேன்.