வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சாயம் ஏறிவிட்டதா? கொடியில் போடாதீர்கள்

போன மாதம் எங்கள் வீட்டில் புதிதாக எடுத்த அரக்குச் சிவப்புப் பருத்தி துப்பட்டா ஒன்று, மகனின் இரண்டு வெள்ளைப் பள்ளிச் சட்டைகளோடு மெஷினுக்குள் போய்விட்டது. எடுத்துப் பார்த்தால் காலர் முதல் கை வரை ரோஸ் நிறம். நல்லவேளையாக யாரும் அவற்றைக் காயப்போடவில்லை. ஈரமாக இருக்கும்வரை ஒட்டிய சாயத்தில் பெரும்பகுதியைக் கழற்ற முடியும். காய்ந்து, இஸ்திரியும் போட்டுவிட்டால் கழற்றுவது கடினம்.

துப்பட்டாவை உடனே தனியே எடுத்துவிட்டு, சட்டைகளைத் தண்ணீர் தெளியும்வரை அலசினேன். பிறகு கை பொறுக்கும் சூட்டில் அரை வாளித் தண்ணீர் எடுத்து, அதில் சோடியம் பெர்கார்பனேட் உள்ள கறைநீக்கிப் பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவு கரைத்து, சட்டைகளை முழுக்க அமுக்கி வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் இளஞ்சிவப்பானது. அதைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் சட்டை வெள்ளை. காலர் மடிப்பில் மட்டும் லேசான நிழல் இருந்தது. மூன்றாவது முறை ஊறவைத்ததில் அதுவும் போனது. பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தப் பொடி கூடவே கூடாது. குளோரின் ப்ளீச்சை எடுத்தவுடனே ஊற்றுவதும் தவறு. பாலியஸ்டர் கலந்த சட்டையை அது மஞ்சளாக்கிவிடக்கூடும். குளோரின் ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும்.

புதுத்துணியைக் கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் போகாமல் நிற்கும் என்று எங்கள் அம்மாவும் சொல்வார். ஆனால் சாயப்பட்டறையில் உப்புப் போடுவது, தண்ணீரில் இருக்கும் சாயத்தைப் பருத்தி நூலை நோக்கித் தள்ளுவதற்காக. புதுத்துணியில் இருந்து வருவது நூலைப் பிடிக்காமல் தங்கிப்போன மிச்சச் சாயம். உப்பால் அதைக் கட்டிப்போட முடியாது. பக்கத்தில் வெள்ளைப் பருத்தி இருந்தால் அதன் மேல் ஏற்றிவிடவும் கூடும். மிச்சச் சாயம் போக, முதல் சில சலவைகளைத் தனியாகப் போடுவதுதான் வழி.

எத்தனை சலவை என்பதைத் துணியே சொல்லும். உள்தையலில் ஒரு ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வெள்ளைப் பருத்தித் துணியை அதன் மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். வெறும் தண்ணீரில் சோதித்தால் ஏமாந்துவிடுவோம். சோப்பும் சூடும் சேரும்போதுதான் சில சாயங்கள் இறங்கும். வெள்ளையில் நிறம் படிந்தால் அது இன்னும் தனிச்சலவைதான். படியாவிட்டால் அடர்நிறத் துணிகளோடு சேர்க்கலாம். வெள்ளையோடு மட்டும் வேண்டாம்.

பிரித்துப் போட்டுத் துவைத்தபின்னும் ஒரு தவறு நடக்கும். மெஷின் நின்றபின் ஈரத்துணியை மணிக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடுவோம். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கிடக்கும் அந்த நேரத்தில்தான் சிவப்பு மடிப்பின் கோடு அப்படியே அடுத்த துணியில் பதிகிறது.