ஷிஃப்டுக்கு எத்தனை பேர் வேண்டும்? கணக்கு சறுக்கும் இடங்கள்

ஒரு கால் சென்டருக்கு மணிக்கு 120 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 5 நிமிடம் பிடிக்கிறது, அப்படியென்றால் எத்தனை பேரை உட்கார வைக்க வேண்டும்? 120-ஐ 5-ஆல் பெருக்கினால் 600 நிமிட வேலை, ஒருவரிடம் ஒரு மணிக்கு 60 நிமிடம் இருக்கிறது, ஆக 10 பேர். நிறைய பேர் இதோடு எக்செலை மூடிவிடுகிறார்கள். பெருக்கலும் வகுத்தலும் சரிதான். ஆனால் வந்த 10 என்பது வேலையின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. இந்த அளவுக்கு எர்லாங் என்று பெயர், 10 எர்லாங் வேலை என்பார்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஏ. கே. எர்லாங் என்ற டேனிஷ் கணிதவியலாளரின் பெயர் அது. இந்தக் கணக்குக்கான சூத்திரத்தை அவர் 1917-லேயே வெளியிட்டுவிட்டார், நாம்தான் இன்னும் வகுத்தலோடு நிற்கிறோம்.

10 எர்லாங்குக்கு 10 பேரையே வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பத்துப் பேரும் மணி முழுக்க ஒரு நொடி விடாமல் பேசிக்கொண்டே இருந்தால்தான் வேலை ஈடாகும். அழைப்புகளோ சரியாக அரை நிமிடத்துக்கு ஒன்று என்று வருவதில்லை. ஒரு நிமிடத்தில் ஐந்தாறு குவியும், அடுத்த இரண்டு நிமிடம் ஒன்றுகூட வராமல் போகும். அப்படிச் சும்மா போன இரண்டு நிமிடத்தை எடுத்துவைத்துப் பிறகு செலவழிக்க முடியாது, ஆனால் குவிந்த அழைப்புகள் மட்டும் வரிசையில் நின்றுகொண்டே இருக்கும். அதனால் வரிசை போகப் போக நீளும், அழைத்தவர்கள் வெறுத்துப்போய்ப் போனை வைத்தால்தான் குறையும்.

சரி, கூடுதலாக எத்தனை பேர்? எர்லாங் சி என்று அழைக்கப்படும் அந்தச் சூத்திரத்தில் போட்டால் இப்படி வருகிறது:

| ஆட்கள் | 20 நொடிக்குள் எடுக்கப்படும் அழைப்புகள் | சராசரி காத்திருப்பு |
|---|---|---|
| 11 | 36% | 205 நொடி |
| 12 | 61% | 67 நொடி |
| 13 | 77% | 29 நொடி |
| 14 | 87% | 13 நொடி |
| 15 | 93% | 6 நொடி |

80 சதவீத அழைப்புகளை 20 நொடிக்குள் எடுக்க வேண்டும் என்ற வழக்கமான இலக்கு இருந்தால் 14 பேர் வேண்டும். அதைவிட முக்கியமாக இந்த அட்டவணையில் பார்க்க வேண்டியது, 11-லிருந்து 12-க்குப் போகும்போது காத்திருப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, 14-லிருந்து 15-க்குப் போனால் மிச்சமாவது 7 நொடிதான். ஒரே ஒரு ஆளின் மதிப்பு இடத்துக்கு இடம் இவ்வளவு மாறுவதால்தான் கீழே வரும் ஒவ்வொரு சின்னத் தவறும் பெரிய அடியாக விழுகிறது.

முதல் தவறு, பேசும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. நம் உதாரணத்தில் 5 நிமிடம் என்பது 4 நிமிடப் பேச்சும், போனை வைத்த பிறகு குறிப்பு எழுதி டிக்கெட் போடும் 1 நிமிடமும் சேர்ந்தது, இந்த மொத்தத்துக்கு ஹேண்டிலிங் டைம் என்று பெயர். அந்தக் கடைசி ஒரு நிமிடத்திலும் அந்த ஆள் அடுத்த அழைப்பை எடுக்க முடியாது, ஆகவே அதுவும் கணக்கில் வர வேண்டும். ரிப்போர்ட்டில் 'டாக் டைம்' என்ற பத்தி கண்ணுக்கு முதலில் படுவதால் அதையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்போது வேலை 8 எர்லாங்தான் என்று வரும், 11 பேர் இருந்தால் 81 சதவீதம் என்று சூத்திரமும் சொல்லும், எல்லோருக்கும் திருப்தி. ஷிஃப்ட் தொடங்கியதும் உண்மையில் நடப்பது அட்டவணையின் முதல் வரி: 36 சதவீதம், சராசரியாக மூன்றரை நிமிடக் காத்திருப்பு. ஒரு நிமிடத்தை விட்டதற்கு இந்த விலை. அழைப்பை ஹோல்டில் போடும் நேரத்துக்கும் இதே கதைதான், அது பேச்சில் சேர்ந்திருக்கிறதா தனியாக இருக்கிறதா என்பதை உங்கள் மென்பொருளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வருகை எண்ணிக்கையிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. எடுத்த அழைப்புகளை எண்ணக் கூடாது, வந்த அழைப்புகளை எண்ண வேண்டும். ஆள் பற்றாத வாரத்தில் பாதிப் பேர் பொறுக்காமல் வைத்துவிட்டிருப்பார்கள், எடுத்த எண்ணிக்கையை வைத்துத் திட்டம் போட்டால் அந்தப் பற்றாக்குறையையே அடுத்த வாரத்துக்கும் எழுதிவைத்ததாக ஆகும். வந்த அழைப்புகளிலும் கொஞ்சம் கவனம் தேவை: வைத்துவிட்டு உடனே மறுபடி அழைக்கும் அதே ஆள் இரண்டு முறை எண்ணப்படுவார். ஒரே எண்ணிலிருந்து சில நிமிடங்களில் திரும்ப வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால் உண்மையான தேவை ஓரளவு தெரியும்.

அப்புறம் சராசரி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது என்று தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே ஒவ்வொரு எண்ணும் உண்மையாக இருக்கும், முடிவு மட்டும் பொய்யாக இருக்கும். அந்த 120 அழைப்பில் முதல் அரை மணியில் 75, அடுத்த அரை மணியில் 45 வந்தது என்று வையுங்கள். மணிக்கணக்கில் பார்த்தால் 14 பேருக்கு 87 சதவீதம். அரை மணியாகப் பிரித்தால் முதல் பாதியில் வேலை 12.5 எர்லாங்காக ஏறிவிடுகிறது, 14 பேரால் 47 சதவீதத்தைத்தான் 20 நொடிக்குள் எடுக்க முடிகிறது, அடுத்த பாதியில் 98. பிற்பாதியின் 98 முற்பாதியைத் தூக்கிவிடாதா என்றால் தூக்காது, மோசமான பாதியில்தானே அதிக அழைப்பு இருக்கிறது. மொத்தமாகச் சேர்த்தால் 66 சதவீதம் வருகிறது.

இதற்குக் கூடுதல் ஆள் கேட்க வேண்டியதுகூட இல்லை. அரை மணி வாரியாகக் கணக்குப் போட்டால் முதல் பாதிக்கு 17 பேர், இரண்டாம் பாதிக்கு 11 பேர். கூட்டிப் பாருங்கள், 28, இரண்டு பாதியும் 14 வைத்த அதே செலவு. தேநீர் இடைவேளை, டீம் மீட்டிங், பயிற்சி இவற்றை முதல் அரை மணியிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும். ஆகவே வருகையை அரை மணி அல்லது கால் மணி அளவில் எடுங்கள், நாள் மொத்தத்தை எட்டால் வகுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

இனி அட்டவணையில் வந்த 14 பேரை எப்படி ரோஸ்டரில் போடுவது என்பதற்கு வருவோம். 14 என்பது அந்த அரை மணியில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். விடுப்பு, உடம்பு சரியில்லாதது, இடைவேளை, பயிற்சி, மீட்டிங் எல்லாம் சேர்ந்து சம்பளம் கொடுத்த நேரத்தில் ஒரு பகுதி போய்விடும், அதற்கு ஷ்ரிங்கேஜ் என்று பெயர். 30 சதவீதம் போகிறது என்றால் 14-ஐ 1.3-ஆல் பெருக்கி 18 என்று போடுபவர்கள் ஏராளம். 18 பேரில் 30 சதவீதம் போனால் மிஞ்சுவது 12.6, அட்டவணையில் 12-க்கும் 13-க்கும் நடுவே, இலக்குக்குக் கீழே. போவது ரோஸ்டரில் இருப்பவர்களில் 30 சதவீதம் என்பதால் 14-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், 20 பேர் வரும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் நடுவில் இரண்டு ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

இந்த இடத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தே தீரும்: 10 எர்லாங் வேலைக்கு 14 பேர் என்றால் ஆட்கள் 71 சதவீத நேரம்தான் வேலை செய்கிறார்கள், இதை 85-க்குக் கொண்டுவாருங்கள். கேட்பவர் மேல் குற்றமில்லை, பெரிய குழுக்களில் 85 சாதாரணம். 100 எர்லாங் வேலைக்கு அதே இலக்கைச் சுமார் 108 பேரை வைத்தே அடையலாம், ஆட்கள் 90 சதவீதத்துக்கு மேல் வேலையாக இருப்பார்கள் (அதுவும் நாள் முழுக்க நீடித்தால் ஆட்கள் சோர்ந்துபோய் ஹேண்டிலிங் டைமே ஏறும் என்பது வேறு தலைவலி). 10 எர்லாங்கில் 85 என்றால் 12 பேர், 20 நொடிக்குள் எடுக்கப்படுவது 61 சதவீதம்தான். குழு சின்னதாக இருந்தால் ஏற்ற இறக்கத்தைத் தாங்க விகிதத்தில் அதிக உபரி வேண்டும். ஆட்கள் வேலையாக இருக்கும் இந்த விகிதம், அதாவது ஆக்குபென்சி, கணக்கின் முடிவில் வருவது, அதை முதலிலேயே இலக்காக வைத்துவிட்டு ஆட்களைத் தேடினால் சிறிய குழு நிச்சயம் அடிவாங்கும். குழுவைப் பிரிப்பதும் இதே காரணத்தால் செலவுதான்: அந்த 14 பேர் குழுவைத் தலா 5 எர்லாங் வேலையுள்ள இரண்டு குழுவாக உடைத்தால் ஒவ்வொன்றுக்கும் 8 பேர், மொத்தம் 16.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க பைத்தானில் பத்து வரி போதும்:

```python
import math

def service(calls_per_hour, aht, n, target=20):
    a = calls_per_hour * aht / 3600
    if n <= a:
        return 0.0
    b = 1.0
    for k in range(1, n + 1):
        b = a * b / (k + a * b)
    c = n * b / (n - a * (1 - b))
    return 1 - c * math.exp(-(n - a) * target / aht)
```

`service(120, 300, 14)` என்று கொடுத்தால் 0.867 வரும். `aht` என்பது சராசரி ஹேண்டிலிங் டைம், அது நொடியில் இருக்க வேண்டும், நிமிடத்தைப் போட்டுவிட்டு ஒரு ஆளே போதும் என்று வருகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம்.

இந்தச் சூத்திரத்துக்கும் எல்லை உண்டு. யாருமே பொறுமை இழந்து போனை வைக்க மாட்டார்கள் என்று அது நம்புகிறது. ஆட்கள் போதுமான அளவு இருந்தால் இது பெரிய பிழை இல்லை, ஆனால் அட்டவணையில் 11 பேர் என்ற நிலையில் உண்மையில் அழைப்பவர்களில் பலர் வைத்துவிடுவார்கள், அதனால் மிச்சமிருப்பவர்களின் காத்திருப்பு 205 நொடியைவிடக் குறைவாகவே இருக்கும். சாட், மின்னஞ்சல் வேலைகளுக்கும் இதை அப்படியே போடக் கூடாது. சாட்டில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரிடம் பேசுவார், மின்னஞ்சலை ஒரு மணி தள்ளிவைத்தாலும் குடி முழுகிவிடாது.

உங்கள் எண்கள் சரியா என்று பார்க்க, போன வாரத்தின் ஒவ்வொரு அரை மணியையும் எடுத்து, உண்மையில் வந்த அழைப்பு, உண்மையான ஹேண்டிலிங் டைம், அப்போது லாகின் ஆகி அழைப்பு எடுக்கும் நிலையில் இருந்த ஆட்கள் மூன்றையும் சூத்திரத்தில் போடுங்கள். சூத்திரம் சொல்வதைவிட உண்மை எப்போதும் மோசமாக இருந்தால், பெரும்பாலும் ஹேண்டிலிங் டைமில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது இருந்ததாக எண்ணிய ஆட்கள் இருக்கையில் இல்லை. நெரிசலான அரை மணிகளில் மட்டும் உண்மை நன்றாக இருந்தால், ரிப்போர்ட்டில் பாதியில் வைக்கப்பட்ட அழைப்புகளின் பத்தியைத் திறந்து பாருங்கள், மிச்ச அழைப்பாளர்கள் அங்கே இருப்பார்கள்.