கொள்ளா, கொல்லா? இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள்

அழைப்பிதழ் ஒன்றில் 'அன்புடன் கேட்டுக்கொல்கிறோம்' என்று இருந்தது. கொல், கொள் இரண்டும் சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

சந்தேகம் வந்தால் வினையை இறந்தகாலத்துக்கு மாற்றுங்கள். 'கேட்டுக்கொண்டோம்' என்றுதானே வருகிறது? ண்ட வந்தால் ள்: கொண்டான், ஆண்டான், உருண்டான். ன்ற வந்தால் ல்: கொன்றான், வென்றான், சென்றான். ழ் பெரும்பாலும் மாறாமல் நிற்கும்: வாழ்ந்தான், வீழ்ந்தான். சொன்னான், கேட்டான் மாதிரிச் சில இதில் அடங்காது. அவற்றில் யாரும் அவ்வளவாகத் தடுமாறுவதும் இல்லை.

அளித்தார், அழித்தார் என்பதில் இந்த வழி உதவாது. அங்கே 'கொடுத்தார்' என்று மாற்றிப் படியுங்கள். பொருந்தினால் ள. 'நன்கொடை அழித்தவர்கள்' என்று கல்வெட்டில் பொறித்துவிட்டால் அப்புறம் அழிப்பதும் கஷ்டம்.